கர்ப்பத்தில் பிறப்புறுப்பில் நரம்பு புடைத்துக் கனக்கிறதா? காலையில் எழும்போதிலிருந்து செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஐந்தாம் மாதத்துக்கு மேல் சில கர்ப்பிணிகளுக்குப் பிறப்புறுப்பின் வெளி உதட்டில் நீலமாக நரம்பு புடைக்கும். காலையில் ஒன்றும் தெரியாது. மதியத்துக்கு மேல் கனக்க ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் நடக்கவே முடியாதபடி ஆகிவிடும். காலில் வரும் வெரிகோஸ் வெயின்தான் இதுவும், இடம் மட்டும் வேறு. முதல் பிரசவத்தைவிட இரண்டாவது, மூன்றாவது கர்ப்பத்தில் அதிகம் பார்க்கிறோம்.

நான் சேலத்தில் கர்ப்பிணிகள் பிரிவில் நர்ஸ். இந்தத் தொந்தரவோடு வருகிறவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே நாப்கினை இரட்டையாக வைத்துப் பார்த்திருப்பார்கள், பெல்ட் வாங்கியிருப்பார்கள், ஐஸும் வைத்திருப்பார்கள். ஆனாலும் கனம் குறைந்திருக்காது. விசாரித்தால் எல்லாமே சரியான காரியங்கள்தான், வரிசை மட்டும் தலைகீழாக இருக்கும். அதனால் இங்கே வரிசைக்குத்தான் அழுத்தம் கொடுத்திருக்கிறேன்.

காரணத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது. புரோஜெஸ்டிரான் ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கர்ப்பப்பை, கீழிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெரிய குழாய்களை அழுத்துகிறது. மேலே போக வேண்டிய ரத்தம் கீழேயே தேங்குகிறது. நிற்க நிற்க தேங்கும், படுத்தால் வடியும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

1. முதலில் இது நரம்புதானா என்று பாருங்கள்

காலையில் பார்க்காதீர்கள். ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததால் அப்போது வடிந்திருக்கும். வேலையெல்லாம் முடிந்த சாயங்கால நேரத்தில், சுவரைப் பிடித்து நின்று, ஒரு காலைத் தாழ்வான முக்காலியில் வைத்து, கைக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ உதடு தடித்திருக்கும். தோலுக்கு அடியில் நீலமாக அல்லது ஊதாவாக, மண்புழு சுருண்டு கிடப்பது போலத் தெரியும். விரலால் மெதுவாகத் தொட்டால் மெத்தென்று அமுங்கும்.

பிறகு இடது பக்கமாக 15 நிமிடம் படுத்துவிட்டு, படுத்தபடியே இன்னொரு முறை பாருங்கள். புடைப்பு நன்றாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் நரம்புதான்.

படுத்தும் குறையவில்லை என்றால் வேறு ஏதோ. பிறப்புறுப்பு வாசலின் கீழ்ப்பக்கத்தில், ஒரு ஓரத்தில் மட்டும் உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் அது பார்த்தோலின் சுரப்பியில் நீர் கட்டியதாக இருக்கலாம். வலியும் சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். உதட்டில் இல்லாமல், உள்ளிருந்து வாசலை நோக்கிச் சதை இறங்கி வந்தால் அது கர்ப்பப்பை அல்லது மூத்திரப்பை இறக்கம். நரம்பே தெரியாமல் இரண்டு உதடும் பளபளவென்று நீர் கோத்து வீங்கி, முகமும் கையும் சேர்ந்து வீங்கியிருந்தால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். அதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

நரம்புதான் என்று உங்களுக்கே தோன்றினாலும் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

2. டாக்டரிடம் நின்றபடி காட்டுங்கள்

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இது. கர்ப்பிணியை மேஜையில் படுக்க வைத்துத்தான் பரிசோதிப்பார்கள். படுத்த சில நிமிடத்தில் நரம்பு வடிந்துவிடும். டாக்டர் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. "ஒண்ணும் இல்லம்மா, கர்ப்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிடுவார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் மறுபடி கனக்கும்.

அதனால் உள்ளே போனதும், "டாக்டர், நின்னாதான் புடைக்குது, நிக்கிறப்பவே ஒரு தடவை பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் முதலில் நர்ஸிடம் சொல்லுங்கள், நாங்கள் சொல்லிவிடுவோம். சாயங்காலம் நின்றபடி எடுத்த போட்டோ உங்கள் போனில் இருந்தால் அதையும் காட்டலாம், டாக்டர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு டாக்டரே பார்க்கும் முகாம் உண்டு. அன்று கூட்டம் அதிகம் இருக்கும் என்பதால் சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

தொடையிலும் காலிலும் நரம்பு இருக்கிறதா, முன்பு உங்களுக்கோ அம்மாவுக்கோ காலில் ரத்தக்கட்டு வந்திருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இருந்தால் கவனிப்பு மாறும்.

கண்ட இடத்தில் கேட்டு வெரிகோஸ் மாத்திரை வாங்கிப் போடுவது, வலிக்கு மெடிக்கலில் சொல்லி ஏதாவது வாங்குவது, இரண்டும் வேண்டாம். ஊசி போட்டு நரம்பைச் சுருக்கும் சிகிச்சையும் கர்ப்பத்தில் செய்வதில்லை. இப்போது நம் கையில் இருப்பது, புடைத்த இடத்தைக் கீழிருந்து மேலாகப் பிடிக்கும் தாங்கலும் படுக்கை நிலையும்தான்.

3. கையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய செலவு இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டி ஒன்று. தொடை இடுக்கில் இறுக்காத, முழு இடுப்பையும் மூடும் பருத்தி ஜட்டி மூன்று நான்கு. அதற்கு மேலே போட, தொடை வரை வரும் சைக்கிளிங் ஷார்ட்ஸ். கெட்டியான தலையணை இரண்டு. ஐஸ் வைக்க ஒரு சின்னப் பை.

ஜட்டி விஷயத்தில் ஒன்று. தொடை மடிப்பில் எலாஸ்டிக் பதிந்து சிவப்புக் கோடு விழுகிறது என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். கீழிருந்து ரத்தம் வெளியேறும் வழி அந்த மடிப்பில்தான் இருக்கிறது. அங்கே இறுக்கிவிட்டு நடுவில் தாங்கல் வைத்தால் புடைப்பு கூடத்தான் செய்யும்.

கடையில் கிடைக்கும் கர்ப்பகால பெல்ட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வயிற்றை மட்டும் சுற்றும் பெல்ட் முதுகுவலிக்கு உதவலாம், இதற்கு உதவாது. இறுக்கிக் கட்டினால் பாரம் கீழே தள்ளப்பட்டு இன்னும் கனக்கும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கால்களுக்கு நடுவே இரண்டு பட்டை வந்து கீழிருந்து மேலே தூக்கிப் பிடிக்கும் வகையும் உண்டு, ஆன்லைனில் கிடைக்கிறது. வசதி இருந்தால் அதை வாங்கலாம். இல்லாவிட்டால் வேட்டித் துணியே போதும்.

வாங்கும் முன்பு ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சாயங்காலம் கனம் அதிகமாக இருக்கும்போது, நின்றபடி உள்ளங்கையால் கீழிருந்து மேலே மெதுவாகத் தாங்கிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் கனம் குறைவதாகத் தெரிந்தால் தாங்கல் உங்களுக்குப் பலன் தரும். எவ்வளவு அழுத்தம் தேவை என்பதையும் உங்கள் கையே சொல்லிவிடும்.

4. படுத்தபடியே வடிய விடுங்கள்

காலையில் கண் விழித்ததும் எழுந்து போய்ப் பல் விளக்கி, காபி போட்டு, பிள்ளையைக் கிளப்பிவிட்டு, அப்புறம் தாங்கலைப் போடுகிறார்கள். அதற்குள் ஒரு மணி நேரம் நின்றாகிவிட்டது, நரம்பும் நிரம்பியாகிவிட்டது. நிரம்பிய நரம்பை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ரத்தம் போக வழியில்லாமல் வலிக்கும். "பெல்ட் போட்டா வலி ஜாஸ்தியாகுது" என்று அதைக் கழற்றி மூலையில் போட்டவர்கள் எல்லோரும் இப்படிச் செய்தவர்கள்தான்.

அதனால் தாங்கலை இரவே தலைமாட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து ஒரு முறை மூத்திரம் போய்விட்டு வந்து மறுபடி படுங்கள். இடது பக்கம் சாய்ந்து, இடுப்புக்கு அடியில் மடித்த போர்வையோ தலையணையோ வைத்து இடுப்பு நெஞ்சைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி செய்யுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே இன்னொரு தலையணை. பத்து நிமிடம் போதும்.

இடது பக்கம் ஏன் என்றால், கீழிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்புக்கு வலது ஓரமாக ஓடுகிறது. இடது பக்கம் சாய்ந்தால் கர்ப்பப்பையின் பாரம் அதன்மேல் விழாது. ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்துக் காலை மட்டும் சுவரில் தூக்கி வைத்தால் அந்தக் குழாயையே அழுத்திவிடுவோம், தலைசுற்றலும் வரும். காலைத் தூக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் வலது இடுப்புக்கு அடியில் தலையணை கொடுத்து இடது பக்கம் சரிந்த நிலையில் தூக்குங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இடுப்பை உயர்த்தினால் புளித்த ஏப்பம் வரும். அவர்கள் வெறும் இடது பக்கச் சாய்வோடு நிறுத்திக்கொண்டு, இன்னும் ஒரு பத்து நிமிடம் சேர்த்துப் படுக்கலாம்.

5. எழும் முன் தாங்கலைப் போடுங்கள்

வேட்டித் துணியை நான்கு விரல் அகலம், ஒரு சாண் நீளம், அமுக்கினால் ஒரு விரல் கனம் வரும்படி மடித்துக்கொள்ளுங்கள். தையல் போட்ட கரை உள்பக்கம் வர வேண்டும், தோலில் உரசக் கூடாது. படுத்தபடியே ஜட்டியைத் தொடை வரை ஏற்றி, துணியை அதில் வைத்து, இடுப்பைச் சற்றே தூக்கி மேலே இழுத்துவிடுங்கள். அதற்கு மேல் சைக்கிளிங் ஷார்ட்ஸ். துணி இரண்டு உதடுகளையும் சேர்த்து மூடி, கீழிருந்து மேலாகத் தாங்க வேண்டும். ஒரு பக்கம்தான் புடைப்பு என்று அந்தப் பக்கம் மட்டும் உருட்டி வைத்தால் அங்கிருந்து விலகி அடுத்த பக்கம் புடைக்கும்.

எழுந்து நின்று, பத்து அடி நடந்து பாருங்கள். உள்ளங்கையால் தாங்கினபோது இருந்த அதே அழுத்தம் இருந்தால் சரி. கால் மரத்துப்போனாலோ, மூத்திரம் போக ஆரம்பிப்பதே கஷ்டமாக இருந்தாலோ, குத்தலாக வலித்தாலோ இறுக்கம் அதிகம். ஒன்றும் தெரியவே இல்லை, துணி நகர்கிறது என்றால் இன்னொரு மடிப்பு சேர்க்கலாம்.

சேலத்து வெயிலில் இந்தத் துணி இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வியர்வையில் நனைந்துவிடும். நனைந்த துணியோடு இருந்தால் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் வரும். கர்ப்பத்தில் அது சுலபமாக வரக்கூடியது. அதனால் நாலைந்து மடிப்புத் துணி தயாராக வைத்து, மதியம் ஒரு முறையாவது மாற்றுங்கள். சோப்பு நன்றாகப் போகும்படி அலசி, வெயிலில் காய வையுங்கள். கூச்சப்பட்டு மற்ற துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் போகாது. வாசனை நாப்கினை இரட்டையாக வைப்பதும் வழக்கம், அவசரத்துக்குப் பரவாயில்லை. நாள் முழுக்க வைத்தால் தோல் வெந்துவிடும்.

படுக்கும்போது கழற்றிவிடுங்கள். மதியம் அரை மணி நேரம் படுத்தாலும் கழற்றி, எழும் முன் திரும்பப் போட வேண்டும். இரவில் போட்டுக்கொண்டு தூங்குவதால் ஒரு பலனும் இல்லை.

காலிலும் நரம்பு இருந்து டாக்டர் ஸ்டாக்கிங்ஸ் எழுதிக் கொடுத்தால் அதையும் இதே நேரத்தில், கால் வீங்கும் முன் படுத்தபடியே போடுங்கள். அளவு எடுப்பதும் காலையில்தான். சாயங்காலம் வீங்கிய காலுக்கு அளவெடுத்தால் மறுநாள் காலை லூசாக இருக்கும்.

6. நிற்கிற வேலையைத் துண்டு துண்டாக்குங்கள்: ஒரு துணிக்கடைப் பெண்ணின் நாள்

அம்மாப்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண். இரண்டாவது கர்ப்பம், ஏழாம் மாதம். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனை வேலை, காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டரை வரை. "சிஸ்டர், கீழ இறங்குற மாதிரியே இருக்கு, குழந்தை வந்துருமோன்னு பயமா இருக்கு" என்றாள். மாமியார் தலை இறங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் பார்த்ததில் கர்ப்பப்பை வாய் மூடியே இருந்தது, குழந்தையின் துடிப்பும் சரி. நிற்க வைத்துப் பார்த்தபோதுதான் இடது உதட்டில் கட்டைவிரல் கனத்துக்கு நரம்பு தெரிந்தது.

அவளிடம் ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னேன். மதியம் சாப்பிட உட்காருவது தவிர மற்ற நேரம் முழுக்க நிற்பது. மேல் தட்டிலிருந்து சேலைக் கட்டுகளை இறக்குவது. விரித்துக் காட்டியதை மடிக்கத் தரையில் குந்துவது. மூத்திரம் போகும் இடம் மூன்றாவது மாடி என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் மலச்சிக்கல் வேறு. தாங்கல் என்று நாப்கின் வைத்திருந்தாள், ஆனால் கடைக்குக் கிளம்பும்போது, எல்லா வேலையும் முடித்த பிறகு.

மாற்றியது நான்கு விஷயம்தான். தாங்கலைப் படுத்தபடியே போடுவது முதலாவது. இரண்டாவது, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் உட்காருவது. அதற்கு அவள் மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயங்கினாள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் உட்கார வசதி தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், கர்ப்பிணி என்றில்லை, எல்லோருக்கும்தான் என்று சொன்னேன். டாக்டரும் ஓ.பி. சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். சீட்டைக் காட்டியதும் ஸ்டூல் வந்துவிட்டது.

மூன்றாவது, குந்தி மடிக்காமல் மேஜைமேல் வைத்து மடிப்பது, தட்டிலிருந்து இறக்குவதைக் கூட இருக்கும் பெண்ணிடம் விடுவது. குந்தினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி அப்படியே கீழ் நரம்பில் இறங்கும். பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்தாலும் இதே கதை. நான்காவது, மதிய இடைவேளையில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, மீதி நேரத்தில் குடோன் அறையில் பாய் விரித்துத் தாங்கலைக் கழற்றி இடது பக்கம் படுப்பது. புதுத் துணி வைத்துவிட்டு எழுவது.

அடுத்த முறை வந்தபோது நரம்பு அப்படியேதான் இருந்தது. அது பிரசவம் வரை போகாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் நாலு மணிக்கே ஆரம்பித்த கனம் கடை மூடும் நேரத்துக்குத் தள்ளிப்போயிருந்தது, நடை சரியாகியிருந்தது. இந்தத் தொந்தரவில் இதைத்தான் குணம் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

உட்கார்ந்தே செய்யும் வேலையும் இதற்கு ஒத்துவராது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்கு மணி பற்றவைக்கிறவர்கள் தரையில் சப்பணமிட்டு நாள் முழுக்க உட்காருகிறார்கள். குழித்தறியில் உட்காருபவர்களுக்குக் கால் தொங்கியபடியே இருக்கும். இவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு நடை நடக்க வேண்டும். கெண்டைக்கால் சதை சுருங்கும்போதுதான் காலிலிருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படும். ஏற்காடு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர்கள் சரிவில் நிற்பதோடு இடுப்பில் கட்டிய பையின் பாரமும் சேர்கிறது. பை பாதி நிறைந்ததுமே கொட்டிவிட்டு வந்தால் கீழே விழும் அழுத்தம் பெருமளவு குறையும்.

ஏற்காட்டிலிருந்து செக்கப்புக்கு இறங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்து, காலை ஊன்றிக்கொண்டே இறங்காதீர்கள். தாங்கல் போட்டு, பின்னால் நன்றாகச் சாய்ந்து, அடிவாரத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

7. சாயங்காலம் குளிர்ச்சி, சூடு வேண்டாம்

வீட்டுக்கு வந்ததும் முதலில் தாங்கலைக் கழற்றிப் படுங்கள். பிறகு ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, மெல்லிய துணியில் சுற்றி, புடைத்த இடத்தில் 10 நிமிடம் வையுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது, வைத்தபடி தூங்கவும் கூடாது. அந்த இடத்துத் தோல் மெல்லியது, சீக்கிரம் புண்ணாகும். மார்கழியில் ஏற்காட்டுக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும், ஐஸ் தேவைப்படாது. குளிர்ச்சி நரம்பைச் சுருக்கும், அரிப்பையும் அடக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் வெந்நீர் ஒத்தடமும் விளக்கெண்ணெய் தடவி நீவுவதும் சொல்வார்கள். இடுப்புவலிக்கு அது இதமாக இருக்கலாம். இங்கே சூடு நரம்பை இன்னும் விரிக்கும். நீவுவது அதைவிடத் தப்பு. மெல்லிய சுவர் கிழியலாம், உள்ளே கட்டிய ரத்தம் இருந்தால் அது நகரலாம். வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதும் வேண்டாம். உடம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம், கடைசிச் சொம்பு பச்சைத் தண்ணீராகக் கீழே ஊற்றிக்கொள்ளுங்கள்.

தாம்பத்திய உறவு தடை இல்லை. வலித்தால் விட்டுவிடுங்கள். உறவுக்குப் பிறகு அந்த இடத்தில் ரத்தம் கூடுதலாகத் தேங்குவதால் கொஞ்ச நேரம் கனக்கும். உடனே எழுந்து நடமாடாமல் பக்கவாட்டில் படுத்திருந்தால் தணிந்துவிடும்.

8. கழிப்பறையில் முக்காதீர்கள்

நாள் முழுக்கச் செய்த கவனிப்பை ஐந்து நிமிட முக்கல் கெடுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு வகையோ மலமிளக்கியோ தருவார். தண்ணீர், கீரை, கொய்யா, தோலோடு பயறு ஆகியவற்றைக் கூட்டுங்கள். குந்தும் கழிப்பறை என்றால் உந்தல் வந்த பிறகே போங்கள், போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலடியில் சின்ன மணைக்கட்டை வைத்தால் சுலபமாகப் போகும். இரண்டிலும் தாமதமானால் எழுந்து வந்துவிடுவது நல்லது. இருமல் நீடித்தாலும் காட்டி விடுங்கள், அதுவும் கீழே அழுத்தும்.

9. காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மெத்தென்று இருந்த நரம்பு திடீரென்று கயிறு போலக் கெட்டியாகி, சிவந்து, தொட முடியாதபடி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். படுத்தும் குறையாது. அன்றைக்கே போக வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதையோ தொடையோ மட்டும் வீங்கி, சூடாகி வலித்தாலும் அன்றைக்கே. அத்தோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் சேர்ந்தால் பிரஷருக்காக உடனே போக வேண்டும்.

நரம்பு கிழிந்து ரத்தம் வருவது அபூர்வம். வந்தால் நிற்காதீர்கள். இடது பக்கம் படுத்து, இடுப்பை உயர்த்தி, சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் கையால் அழுத்திப் பிடியுங்கள். 10 நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும், பார்க்கப் பார்க்க உறைந்தது பெயர்ந்துவிடும். கூட இருப்பவர் 108ஐக் கூப்பிடட்டும். ரத்தம் தோலிலிருந்து வருகிறதா, கர்ப்பப்பையிலிருந்து வருகிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. நின்றுவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

10. பிரசவமும் அதற்குப் பிறகும்

இந்த நரம்புக்காக மட்டும் ஆபரேஷன் செய்ய வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சுகப்பிரசவம்தான். ஆனால் லேபர் வார்டில் சேரும்போது "எனக்குக் கீழே நரம்பு இருக்கு, இந்தப் பக்கம்" என்று கட்டாயம் சொல்லுங்கள். வலி எடுத்துப் படுத்திருக்கும்போது அது வடிந்து மறைந்திருக்கும், யாருக்கும் தெரியாது. குழந்தை வெளியே வர வெட்டித் தையல் போட வேண்டி வந்தால் அந்த இடத்தைத் தவிர்க்கவும், கிழிந்தால் உடனே அழுத்திப் பிடிக்கவும் அவர்களுக்கு இது உதவும். கர்ப்பிணி அட்டையின் முன்பக்கத்தில் டாக்டரையே எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

குழந்தை பிறந்த சில நாளிலேயே கனம் இறங்கும். பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நரம்பு அடங்கிவிடும். அதுவரை நிற்கும்போது தாங்கலைத் தொடரலாம், தையல் இருந்தால் அது ஆறும்வரை டாக்டரைக் கேட்டுக்கொண்டு. பிள்ளை பெற்ற உடம்பு என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கீழே அடித்து ஊற்றுவதை அந்த ஆறு வாரமும் தவிர்க்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்தும் நின்றால் புடைக்கிறது, அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது என்றால் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம் போகலாம். உள்ளே கருப்பைக்கு அருகே இருக்கும் நரம்புகளிலிருந்து ரத்தம் திரும்பி வழிகிறதா என்று அதில் தெரியும். ஊசி போட்டுச் சுருக்குவது, உள்ளிருந்து குழாயை அடைப்பது போன்ற சிகிச்சைகள் அப்போதுதான் பேச்சுக்கு வரும். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அப்போது புடைப்புத் தெரியும்வரை காத்திருக்காமல், சாயங்காலக் கனம் முதன்முதலில் தலைகாட்டும் வாரத்திலிருந்தே காலைத் தாங்கலை ஆரம்பித்துவிடுங்கள்.